பிழை எழுதிக் கொடுக்கும் சான்று

sin x சார்பைத் தொடராக விரித்தால் x¹³ உறுப்பின் கெழு 1/13! என்று வரும். தசமத்தில் சொன்னால் சுமார் 1.6059 × 10⁻¹⁰. இதில் எந்தப் பாடப்புத்தகத்துக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. ஆனால் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1993-இல் உருவாக்கிய fdlibm என்ற கணித நிரல் தொகுப்பைத் திறந்து பார்த்தால் அங்கே வேறோர் எண் இருக்கிறது. ஜாவா மொழியின் StrictMath இன்றும் இந்தத் தொகுப்பின் விடைகளையே அளவுகோலாகக் கொண்டிருக்கிறது. sin கணக்கிடும் பகுதியிலிருந்து இரண்டு வரிகள்:

```
S1 = -1.66666666666666324348e-01
S6 =  1.58969099521155010221e-10
```

S1 என்பது x³-இன் கெழு. அது −1/6 ஆக இருக்க வேண்டும். பதினைந்தாவது இலக்கம் வரை அப்படித்தான் இருக்கிறது, அதன் பிறகு நழுவுகிறது. S6 என்பது x¹³-இன் கெழு. அது 1/13!-ஐவிட ஏறத்தாழ 1 விழுக்காடு குறைவு. தட்டச்சில் நேர்ந்த பிழையோ என்று நினைக்கத் தோன்றும். அப்படியில்லை. x பூச்சியத்திலிருந்து π/4 வரை போகும்போது, பாடப்புத்தகத் தொடரை x¹³ வரை எடுத்துக்கொண்டு நிறுத்தினால் (sin x)/x மதிப்பில் மோசமான பிழை சுமார் 2.6 × 10⁻¹⁴. அதே படியுள்ள, "தவறான" கெழுக்களைக் கொண்ட fdlibm கோவையின் பிழை, அதே மதிப்பில் அளந்தால், எங்கேயும் 2⁻⁵⁸-ஐ, அதாவது சுமார் 3.5 × 10⁻¹⁸-ஐத் தாண்டுவதில்லை. ஏழாயிரம் மடங்குக்கும் மேலான முன்னேற்றம் இது. ஒரு பெருக்கலோ கூட்டலோ கூடுதலாகச் செய்யப்படவில்லை. எண்கள் மட்டுமே மாறியிருக்கின்றன.

காரணம் எளிது. டெய்லர் தொடர் x = 0 என்ற ஒரே புள்ளியில் மிகத் துல்லியமாக இருப்பதற்காகச் செய்யப்பட்டது. அங்கிருந்து விலக விலகப் பிழை ஏறிக்கொண்டே போய், இடைவெளியின் ஓரத்தில் உச்சத்தை எட்டும். நிரல் எழுதுபவருக்கோ எந்த x வரும் என்று முன்கூட்டியே தெரியாது. நடுவில் பிழை 10⁻³⁰ ஆக இருந்து அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஓரத்தில் 10⁻¹⁴ ஆனால் அதுதான் அவருடைய நிரலின் தரம். அவர் கேட்பது இதை: குறிப்பிட்ட படியுள்ள பல்லுறுப்புக்கோவைகள் எல்லாவற்றிலும், இடைவெளி முழுவதும் பார்த்து அதிகபட்சப் பிழை யாருக்கு மிகக் குறைவு? இதற்குச் சீரான சிறந்த தோராயம் என்று பெயர்.

கேள்வி எளிதாகத் தெரிந்தாலும் உள்ளே ஒரு தொல்லை இருக்கிறது. போட்டியிடும் கோவைகள் எண்ணற்றவை. ஒருவர் தன் கோவையைக் காட்டி "இதைவிடச் சிறந்தது இல்லை" என்றால், மற்ற எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்காமல் அதை எப்படி நம்புவது? இந்தத் துறையின் அழகான விடை, எதையும் சோதிக்க வேண்டாம் என்பது. அந்தக் கோவையின் பிழையை வரைந்து பார்த்தால் போதும்.

இந்தச் சிந்தனை தொடங்கிய இடம் கணினி அல்ல, நீராவி இயந்திரம். ஜேம்ஸ் வாட் 1784-இல் காப்புரிமை பெற்ற இணைப்புத் தண்டு அமைப்பில், உருளைக்குள் ஏறி இறங்கும் தண்டு நேர்கோட்டில் போக வேண்டும். ஆனால் அதை இழுக்கும் கைகள் எல்லாம் வட்டத்தில் சுழல்பவை. தண்டின் முனை வரையும் கோடு நேராகத் தெரியுமே தவிர, உண்மையில் மெல்ல வளைந்திருக்கும். அந்த விலகல் உருளையின் அடைப்பைத் தேய்க்கும். ரஷ்யக் கணிதர் பஃப்னூத்தி செபிஷேவ் 1852-இல் மேற்கு ஐரோப்பாவில் பயணம் செய்து பட்டறைகளையும் இயந்திரங்களையும் பார்த்தவர். 1854-இல் வெளியான அவருடைய கட்டுரை இந்த இணைப்புத் தண்டுகளைப் பற்றியதுதான். தண்டு போகும் பாதை நடுப்புள்ளி ஒன்றில் மட்டும் நேர்கோட்டை ஒட்டி உரசிச் செல்வதைவிட, நெடுகிலும் விலகல் எவ்வளவு கூடுதலாகப் போகிறது என்பதையே குறைக்க வேண்டும் என்று அவர் பார்த்தார். செபிஷேவ் பல்லுறுப்புக்கோவைகள் என்று இன்று படிக்கப்படுபவை முதலில் தலைகாட்டியது அந்தக் கட்டுரையில். 1859-இல் பொதுவான கோட்பாட்டை எழுதினார். நேர்கோட்டைத் துல்லியமாகவே வரையும் தண்டு அமைப்பைப் பின்னர் 1864-இல் பிரான்சின் போஸெல்லியே கண்டுபிடித்துவிட்டார். செபிஷேவின் கணிதம் அதற்குப் பிறகும் தேவையாகவே இருந்தது.

ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். eˣ சார்பை −1 முதல் 1 வரை ஒரு நேர்கோட்டால் தோராயப்படுத்த வேண்டும். டெய்லர் தரும் கோடு 1 + x. நடுவில் சரியாக ஒட்டி நிற்கும்; x = 1-இல் உண்மை மதிப்பு 2.718, கோடு சொல்வது 2. பிழை 0.718. சராசரி வர்க்கப் பிழையைக் குறைக்கும் மீச்சிறு வர்க்கக் கோடு 1.1752 + 1.1036x. அதன் மோசமான பிழை அதே வலது முனையில் 0.44. இடைவெளி முழுவதையும் சராசரியாகப் பார்க்கிறவர்களுக்கு அது நல்ல கோடுதான். நாம் மோசமானதை மட்டுமே பார்க்கிறோம்.

இப்போது வளைவின் இரண்டு முனைகளையும் ஒரு நாணால் இணையுங்கள். அதன் சாய்வு (e − 1/e)/2 = 1.1752. eˣ கீழ்ப்பக்கம் தொங்கும் வளைவு என்பதால் நாண் எங்கும் அதற்கு மேலே இருக்கும். அடுத்து, நாணுக்கு இணையாக, வளைவைக் கீழிருந்து தொடும் தொடுகோடு ஒன்றை வரையுங்கள். அது eˣ = 1.1752 ஆகும் இடத்தில், அதாவது x = 0.1614-இல் தொடும். வளைவு முழுவதும் இந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில் அடைபட்டுவிட்டது. இரண்டுக்கும் சரிபாதியில் ஓடும் கோட்டை எடுங்கள்: 1.2643 + 1.1752x. இந்தக் கோட்டிலிருந்து வளைவு இடது முனையில் 0.2788 மேலே இருக்கிறது; x = 0.1614-இல் 0.2788 கீழே, வலது முனையில் மறுபடியும் 0.2788 மேலே. மூன்று உச்சங்களும் ஒரே உயரம், குறி மட்டும் மாறி மாறி: கூட்டல், கழித்தல், கூட்டல்.

இதைவிடச் சிறந்த கோடு கிடையாது என்பதற்கு நிரூபணம் ஒரு பத்தியில் அடங்கும். நம் கோடு p, போட்டிக்கு வரும் கோடு q என்று வைப்போம். q-இன் அதிகபட்சப் பிழை 0.2788-ஐவிடக் குறைவு என்று வாதத்துக்கு ஒப்புக்கொள்வோம். இடது முனையில் வளைவு p-க்கு 0.2788 மேலே இருக்கிறது. q-க்கு அவ்வளவு மேலே இருக்கக் கூடாது. ஆகவே அங்கே q, p-ஐவிட உயரமாக இருந்தாக வேண்டும். நடுவில் வளைவு p-க்கு 0.2788 கீழே, ஆகவே அங்கே q, p-ஐவிடத் தாழ்ந்தாக வேண்டும். வலது முனையில் மறுபடி உயர வேண்டும். அதாவது q − p என்ற கோடு முதலில் கூட்டலாகவும் பிறகு கழித்தலாகவும் பிறகு கூட்டலாகவும் இருக்கிறது. x அச்சை இரண்டு முறை வெட்டுகிறது. இரண்டு கோடுகளின் வித்தியாசமும் ஒரு கோடுதான், கோடு அச்சை ஒரு முறைக்கு மேல் வெட்ட முடியாது. முரண்பாடு. q என்று எதுவும் இல்லை.

இந்த வாதத்தில் eˣ எங்கேயும் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். தேவைப்பட்டது ஓர் எண்ணிக்கைதான். படி n உள்ள பல்லுறுப்புக்கோவை n முறைக்கு மேல் பூச்சியமாக முடியாது, அதுவே எங்கும் பூச்சியமாக இருந்தாலொழிய. ஆகவே பிழை வளைவு n + 2 இடங்களில் ஒரே உயரத்தைக் குறி மாறி மாறித் தொட்டால், போட்டிக் கோவைக்கும் நம் கோவைக்கும் உள்ள வித்தியாசம் n + 1 முறை பூச்சியமாக வேண்டியிருக்கும், அது முடியாது. கோட்டுக்கு மூன்று உச்சங்கள், இருபடிக்கு நான்கு, முப்படிக்கு ஐந்து. இந்தச் சம உயர அலைவைப் பார்த்துவிட்டால் தேடலை நிறுத்திவிடலாம்.

மறுபக்கமும் உண்மை: சிறந்த கோவை என்றால் இந்த அலைவு இருந்தே தீரும். இருபடி ஒன்றின் பிழையில் மூன்று உச்சங்கள் மட்டுமே குறி மாறி மாறி வருகின்றன என்று வைப்போம். அந்த உச்சங்களுக்கு இடையே இரண்டு பிரிவுப் புள்ளிகள் இருக்கும். அந்த இரண்டு புள்ளிகளில் பூச்சியமாகி, ஒவ்வொரு உச்சத்திலும் பிழையின் குறியையே கொண்டிருக்கும் இருபடி ஒன்றை எழுதிவிடலாம். அதில் ஒரு துளியை நம் கோவையுடன் சேர்த்தால் மூன்று உச்சங்களும் ஒரே நேரத்தில் சற்றுத் தாழும். அதாவது இன்னும் முன்னேற இடமிருக்கிறது. உச்சங்கள் நான்கானால் பிரிவுப் புள்ளிகள் மூன்று. மூன்று இடங்களில் குறி மாற இருபடியால் முடியாது. காற்றடைத்த மெத்தையைப் போல, ஓர் இடத்தில் அமுக்கினால் இன்னோர் இடத்தில் எழும்பும் நிலை அது. செபிஷேவின் எழுத்தில் இந்த முழு வடிவம் தெளிவாக இல்லை. கோட்டிங்கனில் ஹில்பெர்ட்டின் மாணவரான பால் கிர்ஷ்பெர்கர் தன் 1902 ஆய்வேட்டில் நிரூபணத்தை நிறைவாக எழுதினார். ஆனாலும் தேற்றம் செபிஷேவ் பெயரிலேயே நின்றுவிட்டது.

கோட்டுக்கு நாணும் தொடுகோடும் போதுமாக இருந்தன. இருபடிக்கு அந்த வசதி இல்லை. உச்சங்கள் எங்கே விழும் என்பது முன்பே தெரியாது. கெழுக்கள் தெரிந்தால் உச்சங்களைக் கண்டுபிடிக்கலாம், உச்சங்கள் தெரிந்தால் கெழுக்களைக் கண்டுபிடிக்கலாம்; கையில் இரண்டுமே இல்லை. கீவ் நகரத்தில் பணியாற்றிய யெவ்கேனி ரெமெஸ் 1934-இல் வெளியிட்ட வழி, உச்சங்களை முதலில் ஊகித்துவிடுவது, பிறகு திருத்திக்கொண்டே போவது.

eˣ, −1 முதல் 1 வரை, இந்த முறை இருபடி c₀ + c₁x + c₂x². நான்கு உச்சங்கள் வேண்டும். 0°, 60°, 120°, 180° ஆகியவற்றின் கொசைன் மதிப்புகளை முதல் ஊகமாக எடுப்பது வழக்கம்: −1, −0.5, 0.5, 1. இந்த நான்கு இடங்களிலும் பிழை −h, +h, −h, +h என்று இருக்கக் கட்டளையிடுகிறோம். c₀, c₁, c₂, h என்று தெரியாதவை நான்கு; சமன்பாடுகளும் நான்கு. புள்ளிகள் சமச்சீராக இருப்பதால் கையாலேயே தீர்த்துவிடலாம். ±1-க்கான இரண்டு சமன்பாடுகளைக் கூட்டிப் பாதியாக்கினால் h விழுந்து c₀ + c₂ = 1.54308 கிடைக்கும். ±0.5-க்கு அதையே செய்தால் c₀ + 0.25c₂ = 1.12763. ஆகவே c₂ = 0.55394, c₀ = 0.98914. கூட்டுவதற்குப் பதிலாகக் கழித்துப் பாதியாக்கினால் c₁ + h = 1.17520, 0.5c₁ − h = 0.52110; ஆகவே c₁ = 1.13086, h = 0.04434.

இப்போது இந்தக் கோவையின் உண்மையான பிழையை இடைவெளி முழுவதும் வரைந்து பார்க்கிறோம். முனைகளில் 0.04434 உயரம், நாம் கேட்டபடியே. ஆனால் உள்ளே இருக்கும் உச்சங்கள் நாம் ஊகித்த −0.5, 0.5 என்ற இடங்களில் இல்லை. ஒன்று −0.4386-இல், உயரம் 0.04523. இன்னொன்று 0.5609-இல், ஆழம் 0.04547. இரண்டும் நாம் கேட்ட 0.04434-ஐத் தாண்டிவிட்டன. ஆகவே இது சிறந்த கோவை அல்ல.

அப்படியானால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம்? இதற்கும் பிழை வளைவே பதில் வைத்திருக்கிறது. பெல்ஜியக் கணிதர் தெ லா வல்லே பூசான் 1910-இல் கவனித்தது: மேலே சொன்ன நிரூபணத்துக்கு உயரங்கள் சமமாக இருக்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை. n + 2 இடங்களில் குறி மாறி மாறி வந்தால் போதும். அந்த உயரங்களில் மிகச் சிறியது எதுவோ, அதற்குக் கீழே எந்தப் போட்டியாளராலும் போக முடியாது. அதே வெட்டும் புள்ளிக் கணக்குதான் காரணம். நம் நான்கு உயரங்களில் சிறியது 0.04434, பெரியது 0.04547. ஆகவே உலகத்திலுள்ள எந்த இருபடியாலும் 0.04434-க்குக் கீழே பிழையைக் கொண்டுபோக முடியாது, நம்முடையதோ 0.04547-இல் இருக்கிறது. ஒரே சுற்றில், ஏழெட்டு வரிக் கணக்கில், சிறந்த விடைக்கு 2.6 விழுக்காட்டுக்குள் வந்துவிட்டோம் என்பது உறுதியாகிவிட்டது. செபிஷேவ் தேற்றத்தைவிட இந்தச் சிறிய கவனிப்பே நடைமுறையில் அதிகம் உதவுகிறது என்பது என் எண்ணம். தேற்றம் "சிறந்தது" அல்லது "சிறந்ததல்ல" என்று மட்டுமே சொல்லும். இது எவ்வளவு பாக்கி இருக்கிறது என்பதையும் சொல்கிறது.

இரண்டாம் சுற்றில் ஊகப் புள்ளிகளை எடுத்துவிட்டு அளந்து கண்ட உச்சங்களை வைக்கிறோம்: −1, −0.4386, 0.5609, 1. அதே நான்கு சமன்பாடுகள். விடை 0.98904 + 1.13018x + 0.55404x², h = 0.04502. வரைந்து பார்த்தால் நான்கு உச்சங்களும் ஐந்தாவது தசம இலக்கம் வரை சமம். மூன்றாம் சுற்றுக்கு வேலை இல்லை. ஒப்பிட, அதே படியுள்ள டெய்லர் கோவை 1 + x + x²/2 வலது முனையில் 0.218 தவறும், ஏறத்தாழ ஐந்து மடங்கு மோசம்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். எப்போதும் ரெமெஸ் வரை போக வேண்டியதில்லை. eˣ-ஐ செபிஷேவ் பல்லுறுப்புக்கோவைகளின் தொடராக விரித்து இருபடியோடு வெட்டிவிட்டால் மோசமான பிழை 0.0504 வரும். சிறந்ததைவிட 12 விழுக்காடுதான் அதிகம். சீரான சார்புகளுக்கு இந்தச் சோம்பேறி வழியே பெரும்பாலும் போதும். கடைசி 12 விழுக்காட்டுக்கு மதிப்பிருக்கும் இடங்கள் குறைவு. கோடிக்கணக்கான முறை ஓடும் கணித நிரலும், 1972-இல் தாமஸ் பார்க்ஸும் ஜேம்ஸ் மெக்லெல்லனும் ரெமெஸ் முறையைக் கொண்டு வந்து சேர்த்த டிஜிட்டல் ஃபில்டர் வடிவமைப்பும் அவற்றில் அடங்கும். பைத்தானின் scipy.signal.remez என்ற கட்டளை அந்த வழியில் வந்ததுதான்.

அலைகளை எண்ணுவதில் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. |x| சார்பை −1 முதல் 1 வரை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குச் சிறந்த இருபடி x² + 1/8. பிழை −1-இல் −1/8, −1/2-இல் +1/8, 0-இல் −1/8, 1/2-இல் +1/8, 1-இல் −1/8. எண்ணினால் ஐந்து. இருபடிக்கு நான்கே போதும் என்றோமே, ஐந்தாவது எங்கிருந்து வந்தது? ஐந்து என்பது முப்படிக்கு வேண்டிய எண்ணிக்கை. ஆகவே இதே கோவை முப்படிகளிலும் சிறந்தது. x³ உறுப்பைச் சேர்த்து யார் என்ன முயன்றாலும் 1/8-க்குக் கீழே போக முடியாது. |x| இரு பக்கமும் சமச்சீர். ஒற்றைப் படி உறுப்புகளால் அதற்குப் பயனில்லை. ஒரு மென்பொருளிடம் முப்படி கேட்டு, அது x³ கெழுவை ஏறத்தாழப் பூச்சியமாகத் தந்தால் அது கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். அலைகளை எண்ணுங்கள்; எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக இருந்தால், அந்தக் கூடுதல் அளவுக்குப் படியை உயர்த்துவது வீண் என்று பொருள். குறைவாக இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

உயரம் சமமாக இருந்தால் மட்டும் போதும் என்று நினைப்பதும் தவறு. குறி மாற வேண்டும். அடுத்தடுத்த இரண்டு உச்சங்கள் ஒரே பக்கம் இருந்தால், இரண்டும் சேர்ந்து ஒன்றாகவே கணக்கில் வரும். நிரூபணத்தில் அவற்றுக்கு நடுவே q − p அச்சை வெட்டத் தேவையில்லை.

தேற்றத்தின் பிடி நழுவும் இடம் கெழுக்களைச் சுருக்கும் இடம். கணினியில் கெழுக்கள் முடிவில்லா இலக்கங்களோடு இருக்க முடியாது. நம் இருபடியின் கெழுக்களை ஒரு தசம இலக்கத்துக்குச் சுருக்க வேண்டும் என்று வைப்போம். பள்ளியில் கற்ற முறைப்படி 0.989 என்பது 1.0 ஆகும், 1.130 என்பது 1.1, 0.554 என்பது 0.6. கிடைக்கும் கோவை 1.0 + 1.1x + 0.6x². அதன் மோசமான பிழை x = −1-இல் 0.132. இப்போது 1.0 + 1.2x + 0.5x² என்பதைப் பாருங்கள். 1.130-ஐ மேலே தூக்கியிருக்கிறோம், 0.554-ஐக் கீழே இறக்கியிருக்கிறோம். இரண்டுமே சுருக்கும் விதிக்கு எதிர். அதன் மோசமான பிழை 0.092-தான். ஒரு கெழுவைச் சுருக்கும்போது நேரும் சேதத்தை இன்னொரு கெழுவால் ஈடுகட்ட முடிகிறது என்பதே இதன் இரகசியம். தனித்தனியாகச் சுருக்கினால் அந்த வாய்ப்பு போய்விடுகிறது. சுருங்கிய கெழுக்கள் மட்டும் அனுமதிக்கப்பட்ட உலகில், சம உயர அலைவு என்ற அடையாளமும் கிடையாது. அங்கே போட்டியாளர்கள் கட்டத்தாளில் புள்ளிகள் போல விட்டுவிட்டு நிற்பவர்கள். "துளியளவு சேர்த்துப் பார்ப்போம்" என்ற வாதம் அவர்களிடம் செல்லாது. பிரான்சில் உருவான Sollya என்ற மென்பொருளின் fpminimax கட்டளை இந்தச் சிக்கலுக்காகவே எழுதப்பட்டது. நிகொலா பிரிஸ்பார், சில்வான் ஷெவியார் இருவரும் 2007-இல் அதன் முறையை வெளியிட்டார்கள்.

இதோடு சேர்ந்து வரும் இன்னொரு தொல்லை, அலைகளைக் கண்ணால் பார்க்கவே முடியாமல் போவது. சாதாரண இரட்டைத் துல்லிய எண்களில் ஒவ்வொரு கணக்கும் 2⁻⁵³ அளவுக்குத் தடுமாறும். பிழை 2⁻⁵⁸ உள்ள கோவையை அதே எண்களில் வரைந்தால், அலைக்குப் பதிலாகத் தூசி படிந்தது போன்ற இரைச்சல்தான் தெரியும். அதைப் பார்த்து "அலைவு சமமாக இல்லை, கோவை தவறு" என்று முடிவு செய்பவர்கள் உண்டு. உண்மையில் தவறு அளவுகோலில். நூறு இருமக் குறி போன்ற கூடுதல் துல்லியத்தில் பிழையைக் கணக்கிட்டால்தான் உச்சங்கள் வெளியே வரும்.

கடைசியாக, மாறிகள் இரண்டானால் என்ன ஆகும்? இத்தனை வேலையையும் செய்தது "n முறைக்கு மேல் பூச்சியமாகாது" என்ற ஒரே வாக்கியம். x, y என்று இரண்டு மாறிகள் வந்ததும் அது உடைகிறது. xy போன்ற எளிய கோவைகூட ஒரு கோடு முழுவதும் பூச்சியமாகிறது. எண்ண எதுவும் மிஞ்சவில்லை. பல்லுறுப்புக்கோவைகளை விட்டு வேறு சார்புகளைத் தேடினாலும் பயனில்லை என்பதை ஜான் மேர்ஹூபர் 1956-இல் காட்டினார். தளத்தில் ஒரு வட்டத் தகட்டையோ சதுரத்தையோ எடுத்துக்கொண்டால், இந்த எண்ணிக்கை விதிக்குக் கட்டுப்படும் சார்புக் குடும்பம், ஒரே உறுப்புள்ளதைத் தவிர, இருக்கவே முடியாது. ஒரு மாறியில் கிடைத்த வசதி ஒரு மாறிக்கு மட்டும்தான்.

ஒரு மாறிக்குள் இருக்கும் வரை அந்த வசதியைப் பயன்படுத்தாமல் விடுவதற்குக் காரணமே இல்லை. தோராய வாய்பாடுகளை வெளியிடுபவர்கள் கெழுக்களை மட்டும் அட்டவணையாகப் போட்டு, "பிழை மிகக் குறைவு" என்று கீழே எழுதிவிட்டுப் போவது இன்னும் நிற்கவில்லை. பிழை வளைவையும் பக்கத்தில் அச்சிட வேண்டும். அச்சிடாதவர்களின் வாய்பாட்டைப் பயன்படுத்தும் முன் நீங்களே வரைந்து பாருங்கள். உச்சங்களை எண்ணுங்கள், குறி மாறுகிறதா என்று பாருங்கள், பிறகு மிகச் சிறிய உச்சத்தால் மிகப் பெரியதை வகுங்கள். படியைவிட இரண்டு கூடுதலாக உச்சங்கள் இருந்து, வகுத்த விடை 1.1 வந்தால், அந்தப் படியில் இன்னும் உழைத்துப் பெறக்கூடியது அதிகம் போனால் பத்து விழுக்காடுதான். 3 வந்தால் வேறு கெழுக்களைத் தேடிப் பார்ப்பது நல்லது.